18 ரூபாய் புட் சந்தையில் 64 ரூபாய்க்கு விற்பது ஏன்? வாலடிலிட்டி ஸ்மைலை வாசிக்க ஒரு முழு வழிகாட்டி

நிஃப்டி ஃபார்வர்ட் 25,000-ல் நிற்கிறது, எக்ஸ்பைரிக்கு 30 நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25,000 ஸ்ட்ரைக்கின் விலையிலிருந்து கணக்குப் போட்டால் வாலடிலிட்டி 13% என்று வருகிறது. அதே 13%-ஐ பிளாக் ஷோல்ஸ் சூத்திரத்தில் போட்டு 23,500 புட்டின் விலையைக் கணக்கிட்டால் 18 ரூபாய். ஆனால் திரையில் அந்தப் புட் 64 ரூபாய்க்கு ஓடுகிறது. அதாவது மூன்றரை மடங்கு.

இதைப் பார்க்கும் புதியவருக்கு முதலில் தோன்றுவது "விலை ஏறிக் கிடக்கிறது, விற்றால் லாபம்" என்பதுதான். சந்தைக்குக் கணக்குத் தெரியாது, நமக்குத் தெரியும் என்ற எண்ணம். அந்த 46 ரூபாய் வித்தியாசத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கப் போகிறோம். இங்கே வரும் விலைகள் ஒரு குறிப்பிட்ட நாளின் விலைகள் இல்லை. கணக்கு எளிதாக இருக்க நான் அமைத்துக்கொண்டவை. ஆனால் நிஃப்டியில் அமைதியான ஒரு மாதத்தில் ஸ்ட்ரைக்குக்கு ஸ்ட்ரைக் வாலடிலிட்டி மாறும் சரிவின் வடிவம் ஏறக்குறைய இதுதான்.

முதல் படி: ஃபார்வர்டைப் பிடியுங்கள்

பலரும் நேராக ஐவி, அதாவது ஆப்ஷன் விலைக்குள் பொதிந்திருக்கும் வாலடிலிட்டியின் கணக்குக்குப் போய்விடுகிறார்கள். அங்கேதான் தவறு தொடங்குகிறது. 30 நாள் கழித்து முடியும் ஆப்ஷனுக்கு இன்றைய ஸ்பாட் விலை சரியான நடுப்புள்ளி ஆகாது. வட்டியும் டிவிடெண்டும் சேர்ந்த ஃபார்வர்ட் விலைதான் நடுப்புள்ளி. அதைச் சந்தையே சொல்லிவிடும். நடு ஸ்ட்ரைக் ஒன்றை எடுத்து, கால் விலையிலிருந்து புட் விலையைக் கழித்து, ஸ்ட்ரைக்கோடு கூட்டுங்கள். 25,000 கால் 372, புட்டும் 372 என்றால் வித்தியாசம் பூஜ்யம், ஃபார்வர்ட் 25,000. (ஒரு மாதத்துக்கான வட்டித் தள்ளுபடி அரை சதவீதம்தான் வரும். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.)

அந்த நேரத்தில் ஸ்பாட் 24,870 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்வர்டை விட்டுவிட்டு ஸ்பாட்டை வைத்து, வட்டியும் பூஜ்யம் என்று போட்டால் என்ன ஆகும்? ஒரே 25,000 ஸ்ட்ரைக்கில் காலின் ஐவி 15-க்கு மேலும், புட்டின் ஐவி 11-க்குக் கீழும் வரும். ஒரே ஸ்ட்ரைக், ஒரே எக்ஸ்பைரி என்றால் இரண்டுக்கும் ஐவி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவர் அபாயமே இல்லாமல் காசு பார்த்துவிடுவார். ஆகவே திரையில் இரண்டும் விலகித் தெரிந்தால், "சந்தை கால் பக்கம் சாய்கிறது" என்று கதை சொல்லத் தொடங்காதீர்கள். உங்கள் ஃபார்வர்ட் தப்பு, அவ்வளவுதான். இந்தத் தவறு உண்மையான சரிவையும் மறைத்துவிடும். 23,500 புட்டின் ஐவிக்கும் 26,500 காலின் ஐவிக்கும் இடையே நாம் கீழே பார்க்கப் போகும் 6 புள்ளி வித்தியாசம் 4 ஆகச் சுருங்கித் தெரியும்.

இரண்டாம் படி: விலைகளை ஐவியாக மாற்றுங்கள்

ஃபார்வர்டுக்குக் கீழே உள்ள ஸ்ட்ரைக்குகளுக்குப் புட்டையும், மேலே உள்ளவற்றுக்குக் காலையும் எடுங்கள். பணத்துக்குள் ஆழமாக இருக்கும் ஆப்ஷனில் விலையின் பெரும்பகுதி வெறும் வித்தியாசத் தொகை. அதில் வாலடிலிட்டியின் பங்கு சிறியது, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியே அதை விழுங்கிவிடும். கடைசியாக வர்த்தகமான விலையையும் நம்ப வேண்டாம். தொலைவான ஸ்ட்ரைக்கில் அது முக்கால் மணி நேரம் பழையதாக இருக்கலாம். அந்த நேரத்தில் நிஃப்டி 80 புள்ளி நகர்ந்திருக்கும். வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டின் நடுவை எடுங்கள்.

கணக்கு போட இது போதும்:

```python
from math import log, sqrt, erf

def N(x):
    return 0.5 * (1 + erf(x / sqrt(2)))

def put(F, K, T, s):
    d1 = log(F / K) / (s * sqrt(T)) + 0.5 * s * sqrt(T)
    d2 = d1 - s * sqrt(T)
    return K * N(-d2) - F * N(-d1)

def iv(price, F, K, T):
    lo, hi = 0.01, 2.0
    for _ in range(60):
        mid = (lo + hi) / 2
        if put(F, K, T, mid) < price:
            lo = mid
        else:
            hi = mid
    return mid

print(iv(63.7, 25000, 23500, 30 / 365))
```

விடை 0.175 என்று வரும். காலுக்குத் தனி நிரல் வேண்டாம். கால் விலையோடு `K - F` கூட்டினால் அதே ஸ்ட்ரைக்கின் புட் விலை கிடைத்துவிடும்.

நம் உதாரணத்தின் ஐந்து ஸ்ட்ரைக்குகள் இப்படி வருகின்றன:

| ஸ்ட்ரைக் | 13% வைத்தால் விலை | சந்தை விலை | ஐவி |
|---|---|---|---|
| 23,500 புட் | 18 | 64 | 17.5% |
| 24,250 புட் | 107 | 149 | 15% |
| 25,000 | 372 | 372 | 13% |
| 25,750 கால் | 115 | 94 | 12% |
| 26,500 கால் | 24 | 13 | 11.5% |

"13% வைத்தால் விலை" என்ற பத்தியை மட்டும் முதலில் பாருங்கள். ஒரே வாலடிலிட்டி என்று எடுத்துக்கொண்டால், 6% மேலே உள்ள காலின் விலை 24, 6% கீழே உள்ள புட்டின் விலை 18. அதாவது சூத்திரத்தின்படி கால்தான் விலை கூட. காரணம், சூத்திரம் ஏற்ற இறக்கத்தை விகிதமாகப் பார்க்கிறது. 25,000-லிருந்து 23,500-க்கு இறங்குவது, 26,500-க்கு ஏறுவதைவிட விகிதக் கணக்கில் கொஞ்சம் நீண்ட தூரம். சந்தையோ இதை அப்படியே தலைகீழாக்கி, புட்டுக்கு 64, காலுக்கு 13 என்கிறது. ஸ்ட்ரைக்குகளை வரிசையாக வைத்து அவற்றின் ஐவியைக் கோடாக வரைந்தால் வருவதுதான் வாலடிலிட்டி ஸ்மைல். அந்தப் பெயரைக் கேட்டு இரு பக்கமும் உயர்ந்த சிரிப்பை எதிர்பார்க்க வேண்டாம். பங்குக் குறியீடுகளில் அது ஒரு பக்கம் இழுத்த உதடு. இடப்பக்கம் தூக்கி, வலப்பக்கம் சரிந்து கிடக்கும். அதனால்தான் இதை ஸ்கியூ என்றும் சொல்வார்கள்.

இந்தச் சரிவு எங்கிருந்து வந்தது

பிளாக் ஷோல்ஸ் சூத்திரம் 1973-ல் வந்தது. அமெரிக்கக் குறியீட்டு ஆப்ஷன்களில் 1987 வரை இந்தக் கோடு ஏறக்குறைய தட்டையாகவே இருந்தது. 1987 அக்டோபர் 19 அன்று டோ ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6% விழுந்தது. அதற்குப் பிறகு அந்தக் கோடு இடப்பக்கம் தூக்கியது, இன்றுவரை இறங்கவில்லை.

சூத்திரம் மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்கிறது: விலை தாவாமல் நடந்து போகும், வாலடிலிட்டி மாறாது, விற்றவர் ஒவ்வொரு கணமும் தன் பொசிஷனைச் சரிசெய்துகொள்ளலாம். மூன்றும் கீழ்ப்பக்கத்தில்தான் உடைகின்றன.

2020 மார்ச் 23-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று காலையிலேயே சந்தை 10% விழுந்து சர்க்யூட்டைத் தொட்டு, வர்த்தகம் 45 நிமிடம் நின்றது. திறந்த பிறகும் விழுந்து, நிஃப்டி 12.98% வீழ்ச்சியோடு முடிந்தது. ஆண்டுக்கு 13% என்றால் ஒரு நாளின் வழக்கமான அசைவு 0.8% சொச்சம். அந்தக் கணக்கில் இது 16 மடங்கு. (அதற்கு முன்பே வாலடிலிட்டி எகிறியிருந்தது என்பதால் அன்றைய கணக்கில் அத்தனை மடங்கு வராது. ஆனால் ஒரு மாதம் முன்பு புட் விற்றவர் பழைய வாலடிலிட்டியில்தான் விற்றிருப்பார்.) புட் விற்றவர் ஃப்யூச்சர்ஸ் விற்றுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்கிறது சூத்திரம். 45 நிமிடம் கடையே மூடிக் கிடந்தால் யாரிடம் விற்பது?

இரண்டாவது, சந்தை விழும்போது வாலடிலிட்டியும் ஏறுகிறது. நிஃப்டி ஆப்ஷன் விலைகளிலிருந்து எதிர்பார்க்கப்படும் வாலடிலிட்டியை அளக்கும் இந்தியா விக்ஸ் அந்த மாதத்தில் 80-ஐத் தாண்டியது. மேலே போகும்போது பெரும்பாலும் மெதுவாக, படிப்படியாகப் போகிறது, வாலடிலிட்டி சுருங்குகிறது. ஆக 23,500-க்குச் செல்லும் பாதை 13% பாதையாக இருக்கவே முடியாது. நிஃப்டி அங்கே போய்ச் சேரும்போது உலகம் வேறு மாதிரி இருக்கும். 17.5% என்ற எண் அந்தப் பாதையின் சராசரியைப் போன்றது. அதை இப்படி நினைத்துக்கொண்டால் ஸ்மைலின் பாதி புரிந்துவிடும்.

சூத்திரத்துக்கு வெளியே இன்னொரு காரணமும் உண்டு: யார் வாங்குகிறார்கள், யார் விற்கிறார்கள் என்பது. பங்குகளை வைத்திருப்பவர்கள் காப்புக்காகப் புட் வாங்குகிறார்கள். அவர்களில் சிலர் கைச்செலவுக்கு மேல் ஸ்ட்ரைக் காலை விற்கிறார்கள். அதனால் ஒரு பக்கம் வாங்க ஆள், மறுபக்கம் விற்க ஆள். புட்டை விற்பவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பைக் திருட்டுக்குக் காப்பீடு கொடுக்கும் கம்பெனி ஆயிரம் பேரிடம் பிரீமியம் வாங்கி, நான்கு பேருக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஊரே மூழ்கும் வெள்ளத்துக்குக் காப்பீடு கொடுத்தவருக்கு அந்த வசதி இல்லை, எல்லோரும் ஒரே நாளில் வந்து நிற்பார்கள். நிஃப்டி புட் வெள்ளக் காப்பீடு. தனிப் பங்கின் ஆப்ஷன்களில் சரிவு பொதுவாகக் குறைவாக இருப்பதற்கும் இதில் விடை இருக்கிறது. ஒரு கம்பெனி தனியாக விழும், தனியாக எகிறவும் செய்யும். வீழ்ச்சி நாளில் ஐம்பது பங்குகளும் கைகோத்து விழுவதால் குறியீட்டில் சரிவு செங்குத்தாகிறது.

மூன்றாம் படி: விலையை நிகழ்தகவாகவும் ஆழமாகவும் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துப் போவதாக இருந்தால் இந்தப் படியை எடுத்துப் போங்கள்.

17.5% ஐவியைச் சூத்திரத்தில் போட்டு, 23,500-க்குக் கீழே முடிய எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டால் 11.3% என்று சொல்லும். பல மென்பொருள்கள் இதையே காட்டுகின்றன. தப்பு. அந்த எண் எல்லா ஸ்ட்ரைக்குக்கும் 17.5% என்று நினைத்துக்கொண்டு சொல்லப்படுவது. நம் கோடோ சரிந்து கிடக்கிறது.

சரியான வழி, பக்கத்து ஸ்ட்ரைக்குகளின் விலை வித்தியாசத்தைப் பார்ப்பது. நம் கோட்டின்படி 23,600 புட்டின் ஐவி 17.2%, விலை 71.6. 23,400 புட்டின் ஐவி 17.8%, விலை 56.6. ஒன்றை வாங்கி மற்றதை விற்றால் செலவு 15 ரூபாய். நிஃப்டி 23,400-க்குக் கீழே முடிந்தால் 200 ரூபாய் கிடைக்கும், 23,600-க்கு மேலே முடிந்தால் ஒன்றும் இல்லை. ஆக 200 ரூபாய்ப் பந்தயத்துக்குச் சந்தை 15 ரூபாய் கேட்கிறது. 15-ஐ 200-ஆல் வகுத்தால் 7.5%. 23,500-க்குக் கீழே முடிவதற்குச் சந்தை வைத்திருக்கும் விலை இதுதான்.

தட்டையான 13% கணக்கில் இதே வாய்ப்பு 5%. அப்படியென்றால் வாய்ப்பு ஒன்றரை மடங்குதான் கூடியிருக்கிறது. புட்டின் விலை மட்டும் மூன்றரை மடங்கு எப்படி ஆனது?

புட்டின் விலையை இரண்டாகப் பிரிக்கலாம்: கீழே போகும் வாய்ப்பு, போனால் சராசரியாக எவ்வளவு ஆழம் போகும் என்பது. இரண்டையும் பெருக்கினால் விலை. தட்டைக் கணக்கில் 18-ஐ 0.05-ஆல் வகுத்தால் ஆழம் சுமார் 360 புள்ளி. சந்தைக் கணக்கில் 64-ஐ 0.075-ஆல் வகுத்தால் சுமார் 850 புள்ளி. அதாவது சூத்திரம் "23,500 உடைந்தால் 23,140 பக்கம் நிற்கும்" என்கிறது. சந்தை "உடைந்தால் 22,650 பக்கம்" என்கிறது. அந்த 46 ரூபாயின் பெரும்பகுதி வீழ்ச்சியின் ஆழத்துக்கான விலை. இது தெரியாமல் "நிஃப்டி அவ்வளவு கீழே போக வாய்ப்பே குறைவு" என்று சொல்லிப் புட் விற்பவர் பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறார்.

ஒரு எச்சரிக்கை. 7.5% என்பது வானிலை அறிக்கை மாதிரியான வாய்ப்பு இல்லை. அதற்குள் விற்பவர் கேட்கும் கூலியும் கலந்திருக்கிறது. உண்மையான வாய்ப்பு அதைவிடக் குறைவாக இருக்கலாம். எவ்வளவு குறைவு என்பதை ஸ்மைலை மட்டும் பார்த்துப் பிரித்தெடுக்க வழியில்லை.

விற்றால் என்ன ஆகும்

64 ரூபாய்க்கு விற்றுவிட்டீர்கள். மறுநாளே ஃபார்வர்ட் 4% விழுந்து 24,000. உங்கள் ஸ்ட்ரைக் இன்னும் 500 புள்ளி கீழே பத்திரமாக இருக்கிறது. இப்போது அந்தப் புட்டின் விலை என்ன? வாலடிலிட்டி 13%-தான் என்று பிடிவாதமாக இருந்தால் 153. அந்த ஸ்ட்ரைக்கின் ஐவி நகராமல் 17.5%-லேயே இருந்தால் 259. இப்படிப்பட்ட நாளில் நடக்கக்கூடியபடி அது 22%-க்கு ஏறினால் 371.

கடைசி எண்ணில் உங்கள் நஷ்டம் 307 ரூபாய், வாங்கிய பிரீமியத்தைப் போல ஐந்து மடங்கு. ஆப்ஷன் இன்னும் பணத்துக்குள் வரவே இல்லை. எக்ஸ்பைரி வரை காத்திருந்தால் பூஜ்யமாகிவிடும் என்று மனம் சொல்லும். ஆகவும் ஆகலாம். ஆனால் அன்று மாலை தரகர் கேட்கும் கூடுதல் மார்ஜின் அந்த 29 நாளைக் காத்திருக்க விடாது. நானும் இந்த வகுப்பில் ஒரு முறை கட்டணம் கட்டியிருக்கிறேன். நிஃப்டி எக்ஸ்பைரியில் என் ஸ்ட்ரைக்குக்கு மேலேதான் முடிந்தது. நான் அதற்கு ஒன்பது நாள் முன்பே நஷ்டத்தில் வெளியேற்றப்பட்டிருந்தேன்.

ஆக, 18-க்கும் 64-க்கும் இடையிலான வித்தியாசம் லாபம் இல்லை. அது 153-க்கும் 371-க்கும் இடையிலான வித்தியாசத்தைத் தாங்குவதற்கான கூலி. அந்தக் கூலி போதுமா என்பது வேறு கேள்வி. சில காலங்களில் போதும், சில காலங்களில் போதாது. தட்டைக் கோட்டோடு ஒப்பிட்டு அதற்குப் பதில் கிடைக்காது. இதே ஸ்மைலின் பழைய நாட்களோடுதான் ஒப்பிட வேண்டும்.

நான்காம் படி: ஒப்பிடும்போது அளவுகோலை மாற்றுங்கள்

ஒப்பிடுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. "6% கீழே உள்ள புட்" என்று எடுத்துக்கொண்டால், மாத ஆப்ஷனில் ஒரு அர்த்தம், வார ஆப்ஷனில் வேறு அர்த்தம். 13% வாலடிலிட்டியில் 30 நாளின் வழக்கமான அசைவு 3.7%. அப்போது 6% என்பது 1.6 மடங்கு தூரம். 7 நாளின் வழக்கமான அசைவு 1.8%-தான். அங்கே அதே 6% மூன்று மடங்குக்கும் மேல். வார ஆப்ஷனில் அந்த ஸ்ட்ரைக்கின் ஐவி 25% என்று தெரிந்து, "பயம் கூடிவிட்டது" என்று பதறினால், உண்மையில் நீங்கள் ஸ்மைலின் வேறொரு இடத்தைப் பார்த்திருக்கிறீர்கள். ஆகவே தூரத்தைச் சதவீதத்தில் அளக்காமல், வழக்கமான அசைவின் மடங்கில் அளங்கள். ஃபார்வர்ட் ஒரு புள்ளி நகர்ந்தால் ஆப்ஷன் விலை எவ்வளவு நகரும் என்பதுதான் டெல்டா. அதில் அளப்பதும் இதே வேலையைச் செய்யும். 25 டெல்டா புட்டின் ஐவியிலிருந்து 25 டெல்டா காலின் ஐவியைக் கழித்து, தினம் ஒரே நேரத்தில் குறித்து வையுங்கள். மூன்று மாதம் குறித்தால் எது வழக்கம், எது வழக்கத்துக்கு மாறு என்று கண்ணுக்கே தெரியத் தொடங்கும்.

நிகழ்வு நாள் குறுக்கிட்டால் இன்னும் கவனம் வேண்டும். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாள். அன்று நிஃப்டி 5.93% விழுந்தது. அந்தத் தேதியைத் தன்னுள் வைத்திருந்த எக்ஸ்பைரியையும் அதற்கு முன்பே முடிந்த எக்ஸ்பைரியையும் ஒரே கோட்டில் வைத்து ஒப்பிட்டவர் இரண்டு வேறு பொருள்களை ஒரே தராசில் வைத்தவர்.

பொய்ச் சிரிப்பைக் கண்டுபிடிப்பது

மிகத் தொலைவில், விலை 50 பைசா, ஒரு ரூபாய் என்று ஓடும் ஸ்ட்ரைக்குகளில் ஐவி திடீரென்று வானத்துக்கு ஏறும். பெரும்பாலும் அதில் செய்தி எதுவும் இல்லை. ஆப்ஷனின் விலை 5 பைசா படிகளில்தான் மாற முடியும், பூஜ்யத்துக்குக் கீழே போகவும் முடியாது. விற்றவர்கள் பொசிஷனை மூடி மார்ஜினை விடுவித்துக்கொள்ள ஒரு ரூபாய் கொடுக்கத் தயாராக இருப்பார்கள். அந்த ஒரு ரூபாயைச் சூத்திரம் பெரிய வாலடிலிட்டியாக மொழிபெயர்த்துவிடுகிறது. அந்த வால்களை வரைபடத்திலிருந்து வெட்டிவிடுவது என் வழக்கம்.

நடுவில் உள்ளவற்றுக்கு ஒரு சோதனை இருக்கிறது. சம இடைவெளியில் மூன்று ஸ்ட்ரைக்குகளை எடுங்கள். ஓரத்து இரண்டின் விலையைக் கூட்டி, நடுவிலுள்ளதன் விலையை இரண்டு மடங்காக்கிக் கழியுங்கள். நம் எண்களில் 71.6, 56.6 இரண்டையும் கூட்டினால் 128.2. 63.7-ன் இரு மடங்கு 127.4. மிச்சம் 0.8, பூஜ்யத்துக்கு மேலே. இது பூஜ்யத்துக்குக் கீழே வந்தால், அந்த நடு ஸ்ட்ரைக்கில் நிஃப்டி முடிவதற்கான வாய்ப்பு பூஜ்யத்துக்கும் கீழே என்று அர்த்தம், அது நடக்காத காரியம். பத்தில் ஒன்பது முறை அந்த மூன்று விலைகளில் ஒன்று பழைய விலையாக இருக்கும். திரையைப் புதுப்பித்து நடு விலைகளை மறுபடி எடுத்தால் சரியாகிவிடும். அப்படியும் சரியாகவில்லை என்றால் வாங்கும் விலை, விற்கும் விலை இடைவெளியைப் பாருங்கள். மிச்சத்தைவிட அந்த இடைவெளி பெரிதாக இருந்தால் அந்த மூன்று ஸ்ட்ரைக்குகளிலிருந்து எதையும் வாசிக்க முடியாது. ஸ்ட்ரைக்குகளுக்கு இடையிலான தூரத்தை 100-லிருந்து 300 புள்ளியாக அகலமாக்கி மறுபடி கணக்கிடுங்கள்.